திரவத்தில் மின்சாரம்: துத்தநாகமும் சாயப் பொருளும்

பகலில் சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தெருவிளக்குகளை எரிக்க விரும்பும் ஊராட்சிகள் பல. அதற்குரிய சாதனங்களுள் ஒன்று திரவ ஓட்ட பாட்டரி. அதில் எந்தத் திரவத்தை ஊற்றுவது என்பதைப் பொறுத்தே செலவும் பராமரிப்பும் அமையும். இது பற்றி இங்கே ஆராய்வோம்.

சாதாரண பாட்டரியில் மின்சாரத்தை ஏற்கும் பொருள் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். திரவ ஓட்ட பாட்டரியிலோ அப்பொருள் நீரில் கரைந்து இரண்டு தொட்டிகளில் நிற்கும். இரு பம்புகள் அத்திரவங்களை நடுவிலுள்ள தகடுகளின் அடுக்கு வழியே ஓட்டும். அடுக்கில் ஒரு மெல்லிய சவ்வு இரு திரவங்களையும் பிரித்து நிற்கும். அங்கேதான் மின்சாரம் ஏறுவதும் இறங்குவதும் நிகழ்கின்றன. கிணற்றையும் பம்பையும் நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு மணியில் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பது பம்பைப் பொறுத்தது. எத்தனை மணி இறைக்கலாம் என்பது கிணற்றைப் பொறுத்தது. இங்கே அடுக்குதான் பம்பு, தொட்டிதான் கிணறு.

இவ்வகையில் முதலிடம் பெற்றது வனேடியம் என்னும் உலோகம். 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாக்கோஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் இதனை உருவாக்கினர். இரு தொட்டிகளிலும் ஒரே உலோகம் இருப்பதால், சவ்வின் வழியே சிறிது கசிந்து கலந்தாலும் திரவம் நிரந்தரமாகக் கெடுவதில்லை. ஆயினும் வனேடியம் விலை மிக்கது. மேலும், வழக்கமான கந்தக அமிலக் கரைசலின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதில் ஒரு பகுதி திடப்பொருளாகப் படியக்கூடும். இக்காரணங்களால் வேறு திரவங்களை நாடினர்.

துத்தநாகமும் புரோமினும்

துத்தநாக-புரோமின் பாட்டரியில் இரு தொட்டிகளிலும் துத்தநாக புரோமைடு என்னும் உப்பின் கரைசல் இருக்கும். மின்சாரம் ஏற்றும்பொழுது, முலாம் பூசுவது போலத் துத்தநாகம் ஒரு புறத்துத் தகட்டில் உலோகமாகப் படிகிறது; மறு புறத்தில் புரோமின் பிரிகிறது. மின்சாரத்தை எடுக்கும்பொழுது இரண்டும் மீண்டும் உப்பாகிக் கரைகின்றன. இவ்வுப்பு மலிவானது. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துத்தநாகம் தொட்டியில் தங்காமல் தகட்டில் தங்குகிறது. எனவே தொட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் சேமிப்பு பெருகாது. தகட்டின் பரப்பும் பெருக வேண்டும். கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமாயின் பம்பையும் புதிதாக வாங்க வேண்டும் என்பது போன்ற நிலை இது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் 20 வாட் விளக்குகள் 40 இருக்கின்றன. அவை 12 மணி நேரம் எரிகின்றன. தேவை 9.6 யூனிட், 10 யூனிட் என்றே கொள்வோம். இப்பாட்டரியில் ஏற்றியதில் நூற்றுக்கு 70 பங்கு திரும்பக் கிடைப்பதாகக் கொண்டால், பகலில் 14 யூனிட்டுக்குச் சற்று அதிகமாக ஏற்ற வேண்டும். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 4 யூனிட் தருமெனில், ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் தகடுகள் வேண்டும். 10 யூனிட்டைத் தருவதற்குத் தகடுகளில் சுமார் ஏழரை கிலோ துத்தநாகம் படிந்திருக்க வேண்டும். மறு புறத்தில் சுமார் பதினெட்டரை கிலோ புரோமின் பிரிந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டு எடைகளிலேயே இதன் இரு குறைகளும் அடங்கியுள்ளன. முதலாவது, ஏழரை கிலோ உலோகம் ஒவ்வொரு நாளும் ஒரே சீராகப் படிவதில்லை. ஆங்காங்கே மரக்கிளை போன்ற முளைகள் கிளம்பிச் சவ்வைத் துளைத்து எதிர்ப்புறத்தைத் தொட்டுவிடலாம். அதனால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பாட்டரியை முற்றிலும் வடித்து, துத்தநாகம் முழுவதையும் கரைத்துத் தகட்டைச் சுத்தமாக்க வேண்டும். அந்நேரத்தில் விளக்குக்கு மின்சாரம் கிடையாது. இரண்டாவது, புரோமின் ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். இதற்காகவே திரவத்தில் ஒரு சிறப்பு உப்பைச் சேர்க்கிறார்கள். அது புரோமினைப் பற்றிக் கொண்டு, கனத்த எண்ணெய் போலத் தொட்டியின் அடியில் தங்கச் செய்கிறது. எனினும் செம்பழுப்பு நிற ஆவியோ நெடியோ தென்பட்டால் அருகில் செல்லாமல் விலகி நின்று, பழுது பார்ப்போரை அழைக்க வேண்டும்.

மருதாணியின் இனம்

மூன்றாவது வழி, உலோகத்தை விட்டுக் கரிமச் சேர்மங்களைக் கரைப்பது. குயினோன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் இதற்கு ஏற்றவை. மருதாணி இலையில் கையைச் சிவக்கச் செய்யும் சாயமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2014இல் ஒரு குயினோனைப் புரோமினுடன் சேர்த்து இத்தகைய பாட்டரியை வெளியிட்டனர். 2015இல் புரோமினையும் நீக்கி, காரக் கரைசலில் குயினோனையும் பெர்ரோசயனைடு என்னும் இரும்புச் சேர்மத்தையும் பயன்படுத்தினர். இரண்டும் கரைந்தே இருப்பதால், பெரிய தொட்டி வைத்தால் அதிக மணி நேரம் என்னும் வசதி மீண்டும் கிடைத்தது.

ஆனால் உலோகத்துக்கு இல்லாத ஒரு குறை இதற்கு உண்டு. உலோகம் சிதைவதில்லை, கரிம மூலக்கூறோ சிதையும். மின்சாரம் ஏற்றிய நிலையில் குயினோனின் ஒரு பகுதி ஆந்த்ரோன் என்னும் பயனற்ற பொருளாக மாறுகிறது. ஏற்றும் அளவைக் குறைத்தால் இம்மாற்றம் குறையும் என்றும், திரவத்தில் காற்றைச் செலுத்தினால் ஆந்த்ரோனில் ஒரு பகுதி மீண்டும் குயினோனாகும் என்றும் 2019இல் அக்குழுவினர் காட்டினர். சிதைவின் வேகமே இங்கு முக்கியம். நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், நூறு நாட்களில் சேமிப்புத் திறன் 37 பங்காகச் சுருங்கிவிடும். பதினாயிரத்தில் ஒரு பங்கே குறைந்தால், பத்தாண்டுகளுக்குப் பின்னும் 69 பங்கு நிற்கும். மேலும், காரக் கரைசல் தோலைப் புண்ணாக்கும். பெர்ரோசயனைடில் வலுவான அமிலம் கலக்கவே கூடாது.

பழுதை அறியும் வழி

எவ்வகை பாட்டரியாயினும், ஏற்றிய யூனிட், எடுத்த யூனிட் ஆகிய இரண்டையும் நாள்தோறும் ஏட்டில் குறித்து வர வேண்டும். 14 யூனிட் ஏற்றியும் 10க்குப் பதில் 7 மட்டுமே திரும்பினால், ஏற்றியது உள்ளேயே வீணாகிறது என்று பொருள். துத்தநாக பாட்டரியில் இது முளையின் அறிகுறியாகலாம். முற்றிலும் வடித்துச் சுத்தம் செய்த பின் கணக்கு பழைய நிலைக்கு வந்தால் நல்லது. வராவிடில் சவ்வு துளைபட்டிருக்கலாம். கரிம பாட்டரியில் நிலைமை வேறு. ஏற்றியதில் உரிய பங்கு திரும்பி வரும். ஆனால் ஏற்றக்கூடிய அளவே மாதந்தோறும் குறைந்து வரும். அப்பொழுது பழுது திரவத்தில் இருக்கிறது.

மழைக்காலத்தில் இரண்டு இரவுகளுக்கு, அதாவது 20 யூனிட் சேமிக்க எண்ணினால், வனேடியத்திலும் கரிமத்திலும் தொட்டியையும் திரவத்தையும் இரட்டிப்பாக்கினால் போதும். துத்தநாகத்திலோ இன்னொரு முழுச் சாதனமே வேண்டும். ஆகவே ஒரு யூனிட்டின் விலையை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. துத்தநாகமாயின் எத்தனை நாளைக்கு ஒரு முறை வடிக்க வேண்டும் என்றும், கரிமமாயின் ஆண்டுக்கு எவ்வளவு திறன் குறையும், திரவத்தை மாற்றித் தருவது யார் என்றும் கேட்க வேண்டும். துத்தநாக-புரோமின் பாட்டரி செய்து வந்த ரெட்ப்ளோ என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனி 2024இல் மூடப்பட்டது. செய்தவர் இல்லாவிடில் உத்தரவாதப் பத்திரத்தால் பயனில்லை. எனவே சவ்வும் பம்பும் வேறிடத்தில் கிடைக்குமா என்பதையும் தீர்மானம் நிறைவேற்றுமுன் நாம் எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும்.