வெந்நீர்ச் சலவையின் விலை என்ன?

மளிகைக் கடையில் எண்ணெய் டின் துடைத்த துணி, சிப்பந்திகளின் மேலங்கி, தராசுத் துணி என்று தினம் ஒரு மூட்டை அழுக்கு சேர்கிறது. சலவை இயந்திரம் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் பலர், ‘எண்ணெய்ப் பிசுக்கு ஆயிற்றே’ என்று 60 டிகிரியில் துவைக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முன்புறக் கதவுள்ள இயந்திரத்தில் மோட்டாரும் பம்பும் ஒரு தடவைக்குச் சுமார் 0.2 யூனிட்தான் இழுக்கும். மின்சாரத்தைத் தின்பது உள்ளே இருக்கும் ஹீட்டர். 1 லிட்டர் நீரின் சூட்டை 1 டிகிரி ஏற்ற 1.16 வாட்-மணி வேண்டும். சோப்புத் தூளோடு சுற்றும் முதல் நீர் 15 லிட்டர் என்றும், குழாய் நீர் 28 டிகிரி என்றும் கொள்வோம். அதை 60க்கு ஏற்ற 0.56 யூனிட் ஆகும். துணியும் டிரம்மும் சேர்ந்து சூடாவதால் 0.7 வரை வரும். அலசும் நீரை இயந்திரம் சூடாக்குவதில்லை.

யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால், பச்சைத்தண்ணீரில் ஒரு தடவைக்கு 2 ரூபாய், 60 டிகிரியில் 9 ரூபாய். மாதம் 26 தடவை துவைத்தால் வித்தியாசம் 182 ரூபாய். உங்கள் ரசீதில் உள்ள விகிதத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் பச்சைத்தண்ணீரில் போட்டுவிடலாமா? கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்றால் போடலாம். அவை எப்போதும் திரவமாகவே இருப்பதால் நல்ல தூள் அவற்றைப் பிரித்துவிடும். நெய்யும் வனஸ்பதியும் வேறு ஜாதி. குழாய் நீரின் சூட்டில் அவை முழுக்க உருகாமல் நூலிலேயே ஒட்டிக்கொள்ளும். காய்ந்த துணி மெழுகு தடவியதுபோல் விறைப்பாக இருந்தால் காரணம் இதுதான். அதற்கும் 60 டிகிரி தேவையில்லை, 40 போதும். ஹீட்டருக்கு 0.3 யூனிட், ஆக மொத்தம் 5 ரூபாய். மஞ்சள் கறையை வெந்நீர் போக்குவதில்லை; நல்ல வெயிலில் உலர்த்தினால் அது தானே வெளுக்கும்.

ஆக, 60 டிகிரியை நோயாளியின் துணி, நாற்றம் பிடித்த கரித்துணி ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செமி-ஆட்டோமேட்டிக் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதில் பெரும்பாலும் ஹீட்டர் கிடையாது. கெய்சர் நீரைப் பிடித்து ஊற்றினால் தொட்டி நிறைய 45 லிட்டராவது வேண்டும். அதே 60 டிகிரிக்கு 1.7 யூனிட், அதாவது 17 ரூபாய், சூடாக்க மட்டும் ஆகிவிடும்.

‘காட்டன்’ என்று திருப்பியதுமே 40 அல்லது 60 டிகிரியைத் தானாக எடுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் உண்டு. சூட்டைக் குறைக்கும் பொத்தானைத் தனியாக அழுத்த வேண்டும். சந்தேகம் இருந்தால், மற்ற விளக்கு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, துவைப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டர் எண்ணைக் குறித்துப் பாருங்கள். அரை யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால் ஹீட்டர் வேலை செய்திருக்கிறது.