பாக்கிக் கணக்கு மின்னஞ்சல்: மூன்று திருத்தங்கள்

கணக்கு அறிக்கையோடு செல்லும் மின்னஞ்சலில் பாக்கி பில்கள், அவற்றின் தாமத நாட்கள், ஒரே ஒரு கோரிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

பில் வரிசை: "சில பில்கள் நிலுவையில் உள்ளன" என்பதற்குப் பதிலாக எண், கெடு தேதி, தொகை ஆகியவற்றைப் பழைய பில்லிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். கூட்டுத்தொகை இணைப்பிலுள்ள இறுதி இருப்போடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், வாங்கியவர் அதையே காரணமாக்கிப் பணத்தை நிறுத்திவைக்கலாம்.

தாமத நாட்கள்: பில் தேதியிலிருந்து அல்ல, கெடு தேதியிலிருந்து எண்ண வேண்டும். எந்தத் தேதி நிலவரம் என்பதையும் குறிப்பிட வேண்டும். 30 நாள் கடனில் விற்ற சரக்குக்கு, 30.6.2025 நிலவரம் இப்படி அமையும்:

- பில் 118: கெடு 2.5.2025, ரூ.48,000, 59 நாள் தாமதம்
- பில் 131: கெடு 4.6.2025, ரூ.32,500, 26 நாள் தாமதம்
- பில் 146: கெடு 10.7.2025, ரூ.27,000, கெடு வரவில்லை
- மொத்தம்: ரூ.1,07,500, கெடு தாண்டியது ரூ.80,500

ஒரே கோரிக்கை: "விரைவில் ஆவன செய்யவும்" என்று எழுதினால், பதிலில் தேதி வராது. "பில் 118-க்கான ரூ.48,000-ஐ ஜூலை 7-க்குள் அனுப்பவும்" என்பது தெளிவு. ஏற்கெனவே வந்த பணம் எந்தப் பில்லுக்கு என்று தெரியாதபோது, அதைக் கழித்தல் வரியாகக் காட்டி, எந்தப் பில்லில் வரவு வைப்பது என்பதையே கோரிக்கையாக்க வேண்டும். அது தீர்ந்த பிறகே தாமதக் கணக்கு சரியாகும்.