காற்றில் ஒட்சிசன் எப்படி மிஞ்சியது?

கேள்வி: எங்கள் மலையைச் சுற்றித் தேயிலை, அதற்கு மேலே காடு. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனைத் தருவது இந்த மரஞ்செடிகள்தான் என்று படித்திருக்கிறோம். ஆனால் பூமியின் காற்றில் ஒட்சிசனை முதலில் சேர்த்தது பீலியடியில் வழுக்குகிற பாசி போன்ற ஒரு நுண்ணுயிர் என்கிறார் எங்கள் ஆசிரியர். மரமே இல்லாத காலத்தில் ஒரு பாசி உலகத்தின் காற்றை மாற்றியிருக்க முடியுமா?
– ஒரு மாணவி, நமுனுகுல

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் அதை முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், காடுகளைப் பற்றிய நம் வழக்கமான எண்ணத்தை முதலில் ஒரு கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று பூமியில் உயிரோடிருக்கும் எல்லாவற்றிலும், மரம், புல், விலங்கு, நுண்ணுயிர் எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 55,000 கோடி தொன் காபன் இருக்கிறது. அத்தனையையும் ஒரே நாளில் எரித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் செலவாகும் ஒட்சிசன் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் கோடி தொன். காற்றில் இருப்பதோ 1,200 இலட்சம் கோடி தொன். அதாவது உலகத்தின் காடுகள் எல்லாம் சாம்பலானாலும் காற்றின் ஒட்சிசனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் குறையும். இருக்கும் சேமிப்பு, இன்று நிற்கும் மரங்களின் சேமிப்பு அல்ல என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

காரணம் எளிது. தேயிலைச் செடி பகலில் காபனீரொட்சைட்டை எடுத்து, நீரைப் பிளந்து, காபனை இலையிலும் தண்டிலும் சேர்த்துக்கொண்டு ஒட்சிசனை வெளியே விடுகிறது. கவ்வாத்து வெட்டிய வாதுகள் மலையிலேயே கிடந்து உக்கும்போது, பூஞ்சணமும் பற்றீரியாவும் அந்தக் காபனை உண்டு, செடி முன்பு விட்ட அதே அளவு ஒட்சிசனைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. விறகாக அடுப்பில் எரிந்தாலும், கோடையில் பத்தனைப் புல்லில் தீப்பிடித்தாலும் கணக்கு அதுவேதான். வரவும் செலவும் சமன். ஆகவே உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ஒட்சிசனை ஆக்கும் வித்தையை யார் கண்டது, ஆக்கியதில் ஒரு பங்கு செலவாகாமல் மிஞ்சியது எப்படி. இரண்டாவதைத்தான் பலரும் கேட்பதில்லை. காற்று மாறிய கதையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

வித்தையைக் கண்டது சயனோபற்றீரியா. நீலப்பச்சைப் பாசி என்று அழைத்தாலும் அது பாசியல்ல. கலத்துக்குள் கரு இல்லாத பற்றீரியா. பாறை முகப்பில் நீர் கசிந்து இறங்கும் வழியில் கறுத்த கோடுகள் காணப்படுமே, அவற்றில் பெரும்பாலும் இருப்பது இந்த இனம்தான். வெயிலைப் பிடித்து உணவு ஆக்கும் பற்றீரியாக்கள் வேறும் உண்டு. ஆனால் அவை தமக்கு வேண்டிய இலத்திரனை ஐதரசன் சல்பைட்டிலிருந்தோ, நீரில் கரைந்த இரும்பிலிருந்தோ எடுக்கின்றன. அந்தப் பொருள்கள் இலத்திரனை எளிதில் விட்டுக்கொடுப்பவை. ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காதவை. நீர் எங்கும் கிடைப்பது. ஆனால் இலத்திரனை இறுகப் பிடித்திருப்பது. அந்தப் பிடியை உடைக்க, சயனோபற்றீரியாவின் மென்சவ்வில் நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சியம் அணுவும் ஒட்சிசன் அணுக்களால் பிணைக்கப்பட்ட ஒரு சின்னஞ்சிறு கூட்டு அமைந்திருக்கிறது. பச்சையத்தில் ஒளி விழும்போது பச்சையம் ஓர் இலத்திரனை இழக்கிறது. அந்த இழப்பை இந்தக் கூட்டு ஈடு செய்கிறது. இப்படி நான்கு முறை கொடுத்து முடிந்ததும், கூட்டு தன் நான்கு இலத்திரன் கடனை இரண்டு நீர் மூலக்கூறுகளிடமிருந்து ஒன்றாக வசூலிக்கிறது. மிஞ்சுவது ஓர் ஒட்சிசன் மூலக்கூறு. எடுத்த இலத்திரன்கள் இன்னொரு பச்சையத் தொகுதியில் மறுபடி ஒளியால் உயர்த்தப்பட்டு, கடைசியில் காபனீரொட்சைட்டைச் சர்க்கரையாக்கச் செலவாகின்றன.

நான்கு என்ற எண் ஊகமன்று. 1969இல் பிரான்சில் பியர் ஜோலியோ இருட்டில் வைத்த பச்சைப் பாசியிலும் பச்சையவுருமணிகளிலும் மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை ஒவ்வொன்றாகப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ஒட்சிசன் வருகிறது என்று அளந்தார். மூன்றாவது துடிப்பில் அதிகம் வந்தது. பிறகு ஒவ்வொரு நான்காவது துடிப்பிலும் அளவு உயர்ந்தது. இருட்டில் ஓய்ந்த கூட்டு ஏற்கெனவே ஒரு படி ஏறி நிற்கிறது, மொத்தம் நான்கு படிகள் என்று அடுத்த ஆண்டு பெஸ்ஸல் கொக் விளக்கினார். தேயிலைக் கொழுந்திலும் இதே மங்கனீசுக் கூட்டுத்தான் வேலை செய்கிறது. செடியின் பச்சையவுருமணி, பண்டைக்காலத்தில் வேறொரு கலத்துக்குள் குடிபுகுந்த சயனோபற்றீரியாவின் வழித்தோன்றல். ஆகவே மரம் ஒட்சிசன் தருகிறது என்றாலும், பாசி தருகிறது என்றாலும், தொழில் நடத்துவது ஒரே பரம்பரைதான்.

இனி இரண்டாவது கேள்வி. உயிர்கள் சேர்த்த காபனில் ஒரு சிறு பங்கு உக்காமல் தப்பினால், அதற்கு ஈடான ஒட்சிசன் செலவாகாமல் மிஞ்சும். தப்புவதற்கு வழி, கடலடிச் சேற்றில் புதைந்துபோவது. 12 கிராம் காபன் புதைந்தால் 32 கிராம் ஒட்சிசன் மிஞ்சும். அப்படிப் புதைந்த காபனைப் பார்க்க ஊவா மக்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பதுளைப் பக்கத்து மலைகள் இலங்கையின் உயர்நிலப் பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. அந்தத் தொகுதியில், செந்நிறக் கானெற்று மணிகளோடு, ஈயம்போல மினுங்கும் சிறு காரீயச் செதில்கள் கலந்த பாறைகள் உண்டு. அவை ஒரு காலத்தில் கடற்சேறு. ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் வெந்து இன்றைய உருவத்துக்கு வந்தன. சேற்றில் இருந்த உயிர்க் காபன் காரீயமானது. போகலைச் சுரங்கத்துக் காரீயமும் இதுதானா என்றால், இல்லை. அது பாறை வெடிப்புகளில் காபன் கலந்த பாய்மங்கள் படிந்து உண்டான நரம்பு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேற்றுக் காபனைப் பிரித்தறியச் சமதானிகள் உதவுகின்றன. உயிர்கள் பாரமான காபன்-13ஐ விட்டு இலேசான காபன்-12ஐத் தெரிந்தெடுப்பதால், உயிர்க் காபனில் காபன்-13 ஆயிரத்துக்கு 25 அளவில் குறைந்திருக்கும்.

காற்று உண்மையிலேயே மாறியது என்பதற்கு என்ன சான்று? பலரும் முதலில் காட்டுவது இரும்புப் பாறைகளை. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் இரும்பும் சிலிக்காவும் பட்டை பட்டையாக அடுக்கிய பாறை இருக்கிறது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். ஒட்சிசன் இல்லாத கடலில் இரும்பு கரைந்தே கிடக்கும். ஒட்சிசன் பட்டதும் துருவாகி அடியில் படியும். ஆனால் இந்தச் சான்றுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இரும்பிலிருந்து இலத்திரனை எடுக்கும் பற்றீரியாக்கள், ஒட்சிசன் துளியும் இல்லாமலே இரும்பைத் துருவாக்கக்கூடியவை. ஆகவே இரும்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்புச் சொல்வது கந்தகம். எரிமலைகள் விடும் கந்தக வாயுவில் நான்கு சமதானிகள் உண்டு. சாதாரண இரசாயனம் அவற்றை அவற்றின் நிறைக்கு ஏற்ற ஒழுங்கில் பிரிக்கும். ஓசோன் படை இல்லாத காற்றில், சூரியனின் புறஊதாக் கதிர் அந்த வாயுவை நேராகத் தாக்கும்போது அந்த ஒழுங்கு குலைகிறது. அந்தக் குலைவு பாறையில் பதிந்து நிற்க வேண்டுமானால், காற்றில் ஒட்சிசன் இன்றுள்ளதில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபர்குவாரும் தோழர்களும் இந்த அடையாளத்தைப் பழைய பாறைகளில் கண்டு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளில் அது இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த சில கோடி ஆண்டுகளுக்குள் மறைந்துபோகிறது, திரும்பவேயில்லை. தென்னாபிரிக்காவின் பழைய ஆற்றுச் சரளைகளும் இதையே சொல்கின்றன. இன்றைய ஆறுகளில் வெகு விரைவில் துருப்பிடித்துக் கரைந்துவிடும் பைறைற்றுத் தாது, அங்கே உருண்ட கூழாங்கல்லாகவே கிடக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். மேற்கு அவுஸ்திரேலியாவின் 250 கோடி ஆண்டுப் பழைய களிப்பாறையில், ஒட்சிசன் சிறிது நேரம் தலைகாட்டிப் போனதற்கான மொலிப்தனச் சுவடு உண்டு. சயனோபற்றீரியா அப்போதே தொழில் நடத்தியிருந்தால் காற்று மாற ஏன் இவ்வளவு தாமதம்? கடன்காரர்கள் முன்னால் நின்றார்கள் என்பதுதான் என் விடை. எரிமலைகளின் ஐதரசனும், கடலில் கரைந்த இரும்பும், மெதேனும் வந்த ஒட்சிசனை வந்தவுடன் வாங்கிக்கொண்டன. ஓர் ஒட்சிசன் மூலக்கூறை விழுங்க நான்கு இரும்பு அணுக்கள் போதும். புதைந்த காபனால் மிஞ்சும் ஒட்சிசன், இவை உறிஞ்சும் வேகத்தை மிஞ்சிய பிறகுதான் காற்றில் நிலைத்தது. ஐதரசன் மெல்ல மெல்ல விண்வெளிக்குத் தப்பிப் போனதும் அந்தத் தராசை ஒரு பக்கம் சாய்த்திருக்கிறது.

வேறொரு மறுப்பும் உண்டு: உயிரே வேண்டாம், புறஊதாக் கதிரே நீராவியைப் பிளந்து ஒட்சிசன் தந்திருக்கலாமே? பிளக்கும், உண்மை. ஆனால் மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து நீராவி உறைந்துவிடுகிறது. அந்த உயரத்தைத் தாண்டும் நீர் மிகச் சொற்பம். அதனால் பிறக்கும் ஒட்சிசனை எரிமலை வாயுக்களே தீர்த்துவிடும்.

அப்படியானால் மரங்களுக்குப் பங்கே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் வெகு பின்னால். முதல் ஏற்றத்துக்குப் பிறகும் நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஒட்சிசன் குறைவாகவே நின்றது. நிலத்தில் தாவரம் பரவிய பிறகு, ஏறக்குறைய 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடக்கம், உக்குவதற்குக் கடினமான மரக்கட்டை சதுப்புகளில் புதைந்து நிலக்கரியானது. ஒட்சிசன் அப்போது பெரிதாக ஏறியது. அங்கும் உதவியது மரம் நின்றது அல்ல, அது புதைந்தது. இதை இன்று தலைகீழாக அளந்து பார்க்க முடிகிறது. புதைந்த நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எரிக்கிறோம். அமெரிக்காவில் ரால்ஃப் கீலிங் 1980களின் கடைசியில் தொடங்கிய அளவீடுகள், காற்றின் ஒவ்வொரு பத்து இலட்சம் மூலக்கூறுக்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய நான்கு ஒட்சிசன் மூலக்கூறுகள் குறைந்துவருவதைக் காட்டுகின்றன. நம் மூச்சுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. காற்றில் அவ்வாறான பத்து இலட்சத்தில் இரண்டு இலட்சத்து ஒன்பதாயிரத்துக்கு மேல் ஒட்சிசன்தான். ஆனால் குறையும் அளவு, நாம் எரிக்கும் எரிபொருளின் கணக்கோடு ஒத்துப்போகிறது.