சிறு புத்தகக் கடை: ஓர் உத்திப் பகுப்பாய்வு

ஒரு நிறுவனத்தின் அகநிலையையும் புறச்சூழலையும் சேர்த்து ஆராய ஸ்வாட் பகுப்பாய்வும், புறச்சூழலை மட்டும் ஆராய பெஸ்டல் பகுப்பாய்வும் பயன்படுகின்றன. வலிமை, நலிவு, வாய்ப்பு, அச்சுறுத்தல் என்னும் நான்கும் முன்னதன் கூறுகள். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல் என்னும் ஆறும் பின்னதன் கூறுகள். ஒப்படைப்பு எழுதும் மாணவர் பலர் ஸ்வாட்டை முதலில் எழுதிவிட்டுப் பெஸ்டலைப் பின்னே ஒட்டவைக்கின்றனர். முறை இதற்கு நேர்மாறானது. பெஸ்டலில் கண்டவையே வாய்ப்பாகவும் அச்சுறுத்தலாகவும் ஸ்வாட்டுக்குள் வந்து சேர வேண்டும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் கடைத்தெருவில், தமிழ் நூல்களை மட்டும் விற்கும் சிறு கடை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது மாதந்தோறும் அச்சிட்ட விலையில் 2,00,000 ரூபாய்க்கு நூல்களை விற்கிறது. பதிப்பகங்கள் அதற்கு 30 விழுக்காடு கழிவு தருகின்றன. அதில் 10 விழுக்காட்டைக் கடை வாசகருக்கு விட்டுக்கொடுக்கிறது. ஆகவே, கடைக்கு எஞ்சுவது 40,000 ரூபாய். வாடகை 15,000, அதன்மீது வரி 2,700, உதவியாளர் ஊதியம் 10,000, மின்சாரமும் சரக்குக் கட்டணமும் 4,300 எனச் செலவு 32,000 ஆகிறது. உரிமையாளரின் உழைப்புக்குக் கிடைப்பது 8,000 ரூபாயே.

புறச்சூழல்

இக்கடைக்கு ஆறு கூறுகளும் ஒரே அளவில் முக்கியமல்ல. சுற்றுச்சூழலில் மழைக்கால ஈரமும் கரையானும் தவிர எழுதத்தக்கது குறைவு. இடத்தை நிரப்புவதற்காக அதனை நீட்டிப் பயனில்லை.

சட்டக்கூறு விரிவாக ஆராயத்தக்கது. அச்சிட்ட நூல்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. இதனை வாய்ப்பு என்று மட்டும் எழுதுவது அரைகுறை விடை. விற்கும் பொருளுக்கு வரிவிலக்கு இருப்பதால், வாடகைக்குச் செலுத்தும் 18 விழுக்காட்டு வரியைக் கடை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற இயலாது. மேலே கண்ட 2,700 ரூபாய் முழுமையும் செலவாகவே நிற்கிறது. மற்றொன்று பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரை இலக்கியப் படைப்புக்கு உரிமை உண்டு. அக்காலம் கடந்த நூல்களையும் நாட்டுடைமையானவற்றையும் எவரும் அச்சிடலாம். எனவே, ஒரே நூல் பல விலைகளில் சந்தைக்கு வருகிறது.

தொழில்நுட்பக் கூறில் இணைய விற்பனையும், உரிமையின்றிப் பரவும் மின்படிகளும் அடங்கும். சமூகக் கூறில் புத்தகக் காட்சிகளைக் குறிப்பிடலாம். காட்சி நடக்கும் நாள்களில் கடைக்கு வருவோர் குறைவர். ஆயினும், அங்கே அரங்கு எடுக்கும் கடைக்கு அதுவே வாய்ப்பாகும்.

அகநிலை

இங்கேதான் மதிப்பெண் மிகுதியாக இழக்கப்படுகிறது. 'இணையத்தில் தள்ளுபடி அதிகம்' என்பதை நலிவு என எழுதுவோர் உளர். உரிமையாளர் தாமே முடிவெடுத்து மாற்றக்கூடியதா என்று கேட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். மாற்றக்கூடியது அகநிலை, மாற்ற இயலாதது புறச்சூழல். இணையத் தள்ளுபடி அச்சுறுத்தலேயாம்.

கடையின் உண்மையான நலிவு அலமாரியில் இருக்கிறது. இருப்பிலுள்ள 12 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள நூல்களில் 3 இலட்சம் ரூபாய்க்கானவை ஓராண்டாக அசையவில்லை. கொள்முதல் விலையில் 2,10,000 ரூபாய் முடங்கியுள்ளது. நூல் வந்த மாதத்தை உள்ளட்டையில் பென்சிலால் குறித்துவைத்திருந்தால் இந்நிலை முன்னரே தெரிந்திருக்கும். வாசகர் பெயரையும் விருப்பத்தையும் அறிந்து நூலை எடுத்துக்கொடுக்கும் உரிமையாளரின் பழக்கம் வலிமை. 'நல்ல சேவை' என்று எழுதினால் அது எக்கடைக்கும் பொருந்தும், சான்றாகாது.

உத்தி

இணையத்திற்கு ஈடாகத் தள்ளுபடியை 20 விழுக்காடாக உயர்த்தலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் விடை. கணக்கிட்டால் அது நிலைக்காது. எஞ்சுவது 10 விழுக்காடு. அதாவது 20,000 ரூபாய். செலவோ 32,000. முன்பு கிடைத்த 40,000 ரூபாயை எட்ட விற்பனை 4,00,000 ரூபாயாக, அதாவது இரட்டிப்பாக, உயர வேண்டும். அத்தெருவில் அத்தனை வாசகர் இலர்.

எனவே, வலிமையை வாய்ப்போடு இணைப்பதே தக்கது. திருப்பி அனுப்பும் உடன்பாட்டில் பெற்ற அசையாத நூல்களை முதலில் பதிப்பகங்களுக்கே அனுப்பலாம். உறுதிக் கொள்முதலாக வாங்கியவற்றைத் திருப்ப இயலாது. அவற்றைப் புத்தகக் காட்சியில் கழிக்கலாம். விடுபடும் தொகையைக் கொண்டு, வாசகர் முன்பதிவு செய்யும் நூல்களையும் பள்ளி நூலகங்கள் கேட்கும் நூல்களையும் வாங்கலாம். பள்ளிகள் பணம் தரத் தாமதிப்பது உண்டு; ஆதலால், ஒரு பள்ளிக்குக் கொடுக்கும் கடனுக்கு வரம்பு வைத்தல் வேண்டும். ஆறு மாதத்தில் அசையாத இருப்பு 3 இலட்சத்திலிருந்து 1.5 இலட்சமாகக் குறைந்ததா என்று இருப்பேட்டைப் பார்த்து அளவிடலாம். குறையவில்லையெனில், புதிய கொள்முதலை நிறுத்திவிட்டுத் திருப்பி அனுப்பும் உடன்பாடுள்ள பதிப்பகங்களிடம் மட்டும் நூல் பெறுவதே அடுத்த படியாகும்.