நிருவாகச் சுருக்கம் எழுதுதல்

நுழையும்முன்

ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரையும் பயிற்சியை முன் வகுப்புகளில் பெற்றிருக்கிறோம். அப்பயிற்சியில் ஆசிரியர் சொன்ன வரிசை மாறாமல் கருத்தைக் குறுக்குவோம். நிருவாகச் சுருக்கம் என்பது வேறு வகை. முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளோர் நீண்ட அறிக்கையைப் படிக்க இயலாத நிலையிலும் சரியான முடிவுக்கு வர உதவும் ஒரு பக்க எழுத்து அது. அறிக்கையின் வரிசையை விடுத்து, முடிவுக்குத் தேவையான வரிசையில் அதனை அமைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

ஓர் ஊராட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். குடிநீர் வழங்கும் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைச் சூரிய ஆற்றலால் இயக்கலாமா என்பது ஊராட்சி மன்றத்தின் முன் உள்ள வினா. இதற்கான சாத்தியக்கூறு அறிக்கை 12 பக்கங்கள் கொண்டது. அதன் ஒரே படி ஒன்றிய அலுவலகத்தில் இருப்பதால், ஊராட்சிச் செயலர் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வந்திருக்கிறார். அவற்றைப் படித்து, மன்றக் கூட்டத்தில் வாசிப்பதற்கான சுருக்கத்தை நாம் எழுதவேண்டும்.

பக்கங்களைச் சரிபார்த்தல்

முதலில் படங்களை எண்ண வேண்டும். கைப்பேசியில் படங்கள் இருக்கும் வரிசையை நம்பாமல், ஒவ்வொரு தாளிலும் அச்சிட்ட பக்க எண்ணைப் பார்த்து அடுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 11 படங்களே உள்ளன. 8ஆம் பக்கத்தின் கடைசித் தொடர் ‘கிணற்றின் நீர்ச்சுரப்புச் சோதனை’ என்னும் சொற்களோடு பாதியில் நிற்கிறது. அடுத்த படம் ‘முடிவுரை’ என்று தொடங்குகிறது. அதன் பக்க எண் 10. எனவே 9ஆம் பக்கம் விடுபட்டுள்ளது.

அடுத்து, ஒவ்வொரு படத்திலும் தாளின் நான்கு ஓரங்களும் தெரிகின்றனவா எனப் பார்க்க வேண்டும். அட்டவணையின் மேல் ஓரம் வெட்டுப்பட்டால் ‘இலட்சம் ரூபாயில்’ என்னும் அளவுக் குறிப்பு மறைந்துவிடும். கீழ் ஓரம் வெட்டுப்பட்டால் சிறிய எழுத்தில் உள்ள அடிக்குறிப்பு மறையும். செலவு அட்டவணை உள்ள 6ஆம் பக்கத்தில் கீழ் ஓரம் தெரியவில்லை. ஆகவே 6, 9 ஆகிய இரண்டு பக்கங்களையும் மீண்டும் படமெடுத்துத் தருமாறு கேட்க வேண்டும். கிடைக்காத பக்கம் எதுவாயினும், அது கிடைக்கவில்லை என்பதைச் சுருக்கத்திலேயே எழுத வேண்டும். ஊகித்து நிரப்புதல் கூடாது.

எண்களைச் சரிபார்த்தல்

தாளின் மடிப்பில் விழும் நிழலும் விளக்கின் ஒளித்தெறிப்பும் எழுத்தைவிட எண்ணையே மிகுதியாகக் கெடுக்கும். எழுத்து மங்கினால் தொடரின் பொருளைக் கொண்டு சொல்லை அறியலாம். எண்ணுக்கு அந்தத் துணை இல்லை. 3 என்பது 8 போலவும், 1 என்பது 7 போலவும் தோன்றும். புள்ளி மறைந்தால் 1.30 என்பது 130 ஆகிவிடும். இதனைக் கண்டறியும் எளிய வழி கூட்டிப் பார்த்தலே.

படத்தில் தெரிந்த அட்டவணை வருமாறு:

| செலவினம் | தொகை (இலட்சம் ரூபாயில்) |
|---|---|
| சூரியத் தகடுகள் | 4.20 |
| தாங்கு சட்டமும் அடித்தளமும் | 1.80 |
| மோட்டாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் | 2.10 |
| குழாயும் பொருத்துதலும் | 0.90 |
| மொத்தம் | 8.50 |

நான்கு தொகைகளையும் கூட்டினால் 9.00 வருகிறது. அச்சிட்ட மொத்தத்தைவிட 0.50 கூடுதல். வேறுபாடு சரியாக 5 என்னும் இலக்க அளவில் இருப்பதால், 3 என்னும் எண் 8 எனப் படிக்கப்பட்டதோ என ஐயுறலாம். இரண்டாவது வரிசையில்தான் நிழல் விழுந்துள்ளது. மீண்டும் எடுத்த படத்தில் அது 1.30 எனத் தெளிவாகிறது. கூட்டல் நமக்குக் காரணத்தோடு கூடிய ஐயத்தைத் தந்தது; ஐயத்தைத் தீர்த்தது மூலத்தாள். அச்சிட்ட மொத்தமே தவறாக இருக்கவும் கூடும் என்பதால், கூட்டலை மட்டும் நம்பி எண்ணைத் திருத்துதல் முறையன்று.

அதே படத்தில், முன்பு வெட்டுப்பட்டிருந்த அடிக்குறிப்பும் தெரிகிறது: ஆண்டுப் பராமரிப்புக்கு ரூ.20,000 தனியே ஆகும்.

செலவு, பயன், இடர்

அறிக்கை, ஊரின் வரலாற்றில் தொடங்கித் தொழில்நுட்ப விளக்கங்களைக் கடந்து இறுதியில் இடர்களைச் சொல்கிறது. மன்ற உறுப்பினர் முதலில் கேட்பவையோ மூன்று: எவ்வளவு செலவாகும்? என்ன கிடைக்கும்? எது தவறக்கூடும்? சுருக்கம் இந்த மூன்று விடைகளோடு தொடங்க வேண்டும்.

பயனைச் சொல்லும்போது வெவ்வேறு பக்கங்களில் உள்ள செய்திகளை இணைத்துப் பார்த்தல் வேண்டும். இப்போது மாதம் ரூ.9,000 மின்கட்டணம் செலுத்தப்படுகிறது. ஆண்டுக்கு ரூ.1,08,000 மிச்சமாகும் என்றும், போட்ட பணம் ஏறத்தாழ 8 ஆண்டுகளில் திரும்பும் என்றும் 4ஆம் பக்கம் கூறுகிறது. 6ஆம் பக்கத்தின் பராமரிப்புத் தொகையைக் கழித்தால் ஆண்டு மிச்சம் ரூ.88,000 மட்டுமே, பணம் திரும்ப ஏறத்தாழ 9 ஆண்டு 8 மாதம் ஆகும். மேகமூட்டமான மழைக்கால நாள்களுக்காக மின் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது 8ஆம் பக்கம். எனவே மின்கட்டணம் முழுவதும் நீங்காது. இவ்வாறு நாமே கணக்கிட்டதை அறிக்கையின் கூற்றோடு கலந்துவிடாமல், ‘நம் கணக்கு’ எனப் பிரித்துக் காட்ட வேண்டும்.

விடுபட்டுப் பின்னர் கிடைத்த 9ஆம் பக்கமே முதன்மையான இடரைச் சொல்கிறது. கிணற்றின் நீர்ச்சுரப்புச் சோதனை டிசம்பர் மாதத்தில் நடத்தப்பட்டது; கோடையில் நடத்தப்படவில்லை. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்துச் சோதனை, மே மாதத்து நீரளவைக் காட்டாது. கிணற்றில் நீர் குறைந்தால், எத்தனை தகடுகள் இருந்தாலும் குழாயில் நீர் வராது. ‘சில இடர்கள் உள்ளன’ எனப் பொதுவாக எழுதினால் இந்த உண்மை மறைந்துவிடும். என்ன இடர், அது நேர்ந்தால் என்ன ஆகும், அதனை முன்னரே அறிய என்ன செய்யலாம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும்.

எழுதி முடித்த சுருக்கம்

> பொருள்: குடிநீர்க் கிணற்று மோட்டாரைச் சூரிய ஆற்றலால் இயக்குதல்
>
> செலவு: தொடக்கச் செலவு ரூ.8.50 இலட்சம். ஆண்டுப் பராமரிப்பு ரூ.20,000 (பக்கம் 6).
>
> பயன்: மின்கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.1,08,000 மிச்சமாகும், 8 ஆண்டுகளில் செலவு திரும்பும் என்கிறது அறிக்கை (பக்கம் 4). பராமரிப்பைக் கழித்தால் ஏறத்தாழ 9 ஆண்டு 8 மாதம் ஆகும் என்பது நம் கணக்கு. மழைக்காலத்தில் மின்சாரமும் தேவைப்படுவதால் இக்காலம் மேலும் நீளலாம் (பக்கம் 8).
>
> இடர்: நீர்ச்சுரப்புச் சோதனை டிசம்பரில் மட்டும் நடந்துள்ளது (பக்கம் 9). கோடையில் நீர் குறைந்தால் செலவிட்டும் குடிநீர் கிடைக்காது.
>
> மன்றம் முடிவு செய்யவேண்டியது: மே மாதத்தில் மறுசோதனை நடத்தி, அதன் முடிவைப் பார்த்த பின்னர்ப் பணி ஆணை வழங்கலாமா?

ஒவ்வொரு செய்திக்கும் பக்க எண் இருப்பதைக் கவனிக்க. ஐயம் எழுப்பும் உறுப்பினருக்கு மூலப் பக்கத்தை உடனே எடுத்துக் காட்ட அது உதவும். கூட்டத்தில் வாசிக்கக் கேட்போருக்கும் விளங்கும்படி தொடர்கள் சிறியனவாக உள்ளன. சூரியத் தகட்டின் வகை, மோட்டாரின் குதிரைத்திறன் முதலியன முடிவை மாற்றாதவை. ஆதலால் அவை விடப்பட்டுள்ளன.

கற்பவை கற்றபின்

1. மேற்கண்ட அட்டவணையில் குழாயும் பொருத்துதலும் என்பதற்கான தொகை நிழலில் முற்றிலும் மறைந்திருந்தால், சுருக்கத்தில் எவ்வாறு குறிப்பிடுவீர்கள்?
2. 9ஆம் பக்கம் கிடைக்கவே இல்லை எனக் கொண்டு, ‘இடர்’ பகுதியையும் இறுதி வினாவையும் மாற்றி எழுதுக.
3. சுருக்கி வரைதலுக்கும் நிருவாகச் சுருக்கத்திற்கும் உள்ள வேறுபாடுகளை இப்பாடத்தின் எடுத்துக்காட்டு வழி விளக்குக.