பதில் வராத அழைப்புகள்

கேள்வி: மகள் வளைகாப்புக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தோம். பாதிப் பேர் பதில் சொல்லவில்லை. சமையல்காரர் இலைக்கணக்கு கேட்கிறார். எப்படி நினைவூட்டுவது?

பதில்: வர முடியாதவர்கள் காரணம் எழுதத் தயங்கித்தான் தள்ளிப்போடுகிறார்கள். அந்தச் சுமையை நீக்கி எழுதுங்கள்: "ஞாயிறு மதியம் வளைகாப்பு. சாப்பாட்டுக் கணக்குக்காகக் கேட்கிறோம். வியாழன் இரவுக்குள் 'வருகிறோம்' அல்லது 'இயலாது' என்று மட்டும் அனுப்புங்கள், போதும்."

பதில் சொல்ல 1, 2 என்று எண் கொடுக்காதீர்கள். '2' என்று வந்தால் இரண்டு பேர் வருகிறார்களா, வரவில்லையா என்று புரியாது. எத்தனை பேர் என்பதை 'வருகிறோம்' என்றவர்களிடம் மட்டும் பிறகு கேட்கலாம்.

குழுவில் போடாமல், பதில் தராதவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவர்களுக்குப் போய்ச் சேராது. பெரியவர்களை மட்டும் போனில் கூப்பிட்டுக் கேட்பதே மரியாதை.