வருகைக் குறைவுக்கு ஒரு விண்ணப்பம்: கேள்வி–பதில்

(பதிலளிப்பவர், கல்லூரி அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று மயிலாடியில் வசிக்கும் கண்காணிப்பாளர்.)

கேள்வி: சுசீந்திரம் தேரோட்டத்தன்று கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கும் கண்டோனேஷன் மனுவில் காரணம் எழுத வேண்டுமா?

பதில்: உள்ளூர் விடுமுறை விட்ட நாளில் வருகைப் பதிவே இல்லை, இல்லாத குறைக்கு மன்னிப்பு எதற்கு? ஆனால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை கல்லூரி வைத்தார்களே, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முன் அனுமதி பெற்றுப் பத்து நாள் என்.சி.சி. முகாமுக்குச் சென்றேன். திரும்பிய பின் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். இப்போது பட்டியலில் 64.4 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் 75 வேண்டும். 65 வரை கட்டணம் கட்டினால் மன்னிப்பார்கள். அதற்குக் கீழே பரீட்சை கிடையாது. ஆதாரம் எல்லாம் இணைத்து மனுக் கொடுத்தும் திருப்பிவிட்டார்கள். அனுமதி பெற்றுத்தானே போனேன்?

பதில்: தம்பி, உன் மனு திரும்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உன்னைப் போன்ற பிள்ளைகள் வருஷந்தோறும் செய்கிற பிழையைத்தான் நீயும் செய்திருக்கிறாய். ஓ.டி. என்பது ஒன்று, கண்டோனேஷன் என்பது வேறொன்று. கல்லூரியின் காரியமாகவே நீ வெளியே சென்றிருந்தாய் ஆகையால் வகுப்பில் இருந்ததாகவே உன்னைக் கணக்கில் கொள்வது முன்னது. நியாயமான காரணத்தால் நீ வகுப்பில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் குறையைப் பொறுத்தருள்வது பின்னது. முன்னது உன் உரிமை, பின்னது முதல்வரின் தயவு. உரிமையாகக் கேட்க வேண்டியதையும் தயவாகக் கேட்க வேண்டியதையும் ஒரே காகிதத்தில் குழைத்து, ‘தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று மூன்று இடத்தில் எழுதிவிட்டால், மேஜைக்கு அப்பால் இருக்கும் எழுத்தர் 64.4 என்ற எண்ணை மட்டும் பார்த்து, 65-க்குக் கீழே என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பத்தான் செய்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொண்ணூறு வேலை நாள், நாளொன்றுக்கு ஐந்து மணி, ஆக 450 மணி நேரம். நீ வகுப்பில் இருந்தது 290. முகாம் பத்து நாளில் சனி, ஞாயிறு போக வேலை நாள் எட்டு, அதாவது 40 மணி. நோயில் பதினைந்து வேலை நாள், 75 மணி. எஞ்சிய 45 மணி, ஒன்பது நாள், காரணமே சொல்லாத நாள்கள். அவற்றைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. முதல்வர் கேட்பார், பதில் வைத்துக்கொள்.

இனி அந்த முகாமின் 40 மணியை வருகையில் சேர்த்தால் 330. 450-க்கு அது 73.3 சதவீதம். சில கல்லூரிகளில் வருகையில் கூட்டாமல் மொத்த நேரத்திலிருந்தே கழிப்பார்கள். அப்படியானால் 410-க்கு 290, ஏறக்குறைய 70.7. எந்த முறையானாலும் நீ 65-க்கு மேலே வந்துவிட்டாய். மன்னிக்கவே முடியாத இடத்தில் நின்ற பிள்ளை, மன்னிக்கக்கூடிய இடத்துக்கு ஏறியது மனுவின் உருக்கத்தால் அல்ல, பதிவேட்டில் ஓ.டி. ஏறியதால்.

ஆகவே முதலில் உன் வகுப்பாசிரியரிடம் போய், அந்த எட்டு நாளும் வருகைப் பதிவில் எப்படி இருக்கிறது என்று கேள். பெரும்பாலும் ‘ஆப்சென்ட்’ என்றே கிடக்கும். முகாமுக்கு முன் கையெழுத்தான ஓ.டி. படிவம் துறைத்தலைவரின் கோப்பில் இருக்கும். அது போவதற்குக் கிடைத்த அனுமதி மட்டுமே, போனதற்குச் சாட்சி அல்ல. முகாமின் கமாண்டன்ட் கையெழுத்திட்ட, தேதி போட்ட பங்கேற்புச் சான்று திரும்பி வந்ததும் சேர்ந்திருக்க வேண்டும். அது சேராததால்தான் பதிவு மாறவில்லை. இரண்டையும் சேர்த்து, ஓ.டி. பதிவைத் திருத்தக் கோரும் தனி மனுவை முதலில் கொடு. திருத்திய சதவீதம் கையில் வந்த பிறகே கண்டோனேஷன் மனு.

அந்த இரண்டாவது மனுவுக்கு இவ்வளவு போதும்: “ஓ.டி. சேர்த்தபின் என் வருகை 73.3 சதவீதம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். பின் இன்ன தேதி வரை ஓய்வு எடுக்க மருத்துவர் எழுதியுள்ளார். டிஸ்சார்ஜ் சம்மரியும் உடற்தகுதிச் சான்றும் இணைத்துள்ளேன். 1.7 சதவீதக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.” நோயின் துயரத்தை வர்ணிக்க வேண்டாம்.

ஒன்றைக் கவனி. டிஸ்சார்ஜ் சம்மரி, சேர்ந்த நாளிலிருந்து வெளியேறிய நாள் வரைக்குமே செல்லும். வீட்டில் படுத்திருந்த நாள்களுக்கு ‘ஓய்வு’ என்று மருத்துவர் தேதியோடு எழுதியிருக்க வேண்டும். சான்றில் மூன்றாம் தேதி முதல் பதினேழு வரை படுக்கை என்றிருக்க, பத்தாம் தேதி இன்டர்னல் பரீட்சை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்த ஒரு பையனின் கோப்பு என் மேஜைக்கு வந்தது. காய்ச்சலோடு எழுந்து வந்து எழுதிப் போனது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளை மனுவில் தானே சொல்லியிருந்தால் அது அவன் சிரத்தைக்குச் சாட்சி. சொல்லாமல் விட்டதால் முழுச் சான்றும் சந்தேகத்துக்கு ஆளாயிற்று. பதிவேட்டின் பக்கத்தில் சான்றை வைத்து, நாள் நாளாக விரல் வைத்துப் பார்த்த பிறகே மனுவில் கையெழுத்துப் போடு.

கொடுக்கும்போது நகலில் அலுவலக முத்திரையும் இன்வர்ட் எண்ணும் வாங்கிக்கொள். கட்டணச் சலான் கட்டியதாலேயே மன்னிப்புக் கிடைத்துவிட்டதென்று நினைத்து, ஹால் டிக்கெட் நாளில் கண்ணைக் கசக்காதே.

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரியிலும் இதே விதிதானா?

பதில்: 75, 65 என்ற இரண்டு எல்லைகளும் அதே. ஆனால் இடைப்பட்டவர்களுக்குப் பிரதானமாக நோயும் விளையாட்டுப் போட்டியுமே காரணமாக ஏற்கப்படும். சான்றில் கல்லூரித் தலைவர் மேலொப்பம் இட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 65-க்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான். சட்டக் கல்லூரிக்காரர்கள் இதைப் படித்து ஏமாற வேண்டாம். பார் கவுன்சில் விதியின் கணக்கு வேறு, அங்கே ஒவ்வொரு பாடத்திலும் 70.

கேள்வி: நாங்கள் மயிலாடியில் கல்சிற்பப் பட்டறை வைத்திருக்கிறோம். வெளியூர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிலை ஏற்றிப்போய் நிறுத்த ஆள் போதாமல், வகுப்பாசிரியரிடம் லீவு லெட்டர் கொடுத்து மகனைப் பதினொரு நாள் கூட்டிப்போனேன். கோயில் கமிட்டியின் கடிதம் ஆதாரமாகுமா?

பதில்: அண்ணாச்சி, உளிச்சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான், பீடத்தில் சிலையை நிறுத்துகிற நாளில் கை தெரிந்த ஒருவன் குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரியும். ஆனாலும் லீவு லெட்டரில் ஆசிரியர் கையெழுத்திட்டது, உங்கள் மகன் சொல்லாமல் ஓடவில்லை என்பதற்கு மட்டும்தான், அது ஓ.டி. ஆகாது, அந்தப் பதினொரு நாளும் வராத நாளே. கமிட்டிக் கடிதத்தை ஒளிக்காமல் இணைத்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். 65-க்கு மேல் இருந்து, அந்தக் கல்லூரி விதி ‘பிற நியாயமான காரணம்’ என்று இடம் கொடுத்திருந்தால் முதல்வர் இணங்கலாம். யாரோ சொன்னார்கள் என்று முந்நூறு ரூபாய்க்கு டைபாய்டு சர்ட்டிபிகேட் மாத்திரம் வாங்கிவிடாதீர்கள். கும்பாபிஷேகப் படத்தில் சிலைக்குப் பக்கத்தில் உங்கள் மகன் நிற்பான். அந்தப் படம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கும்.

கேள்வி: பரீட்சை நாளை மறுநாள். இன்றைக்குத்தான் பட்டியலைப் பார்த்தேன். ஆதாரம் எல்லாம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இதைப் படித்துக்கொண்டு நிற்காமல், அப்பாவையும் கூட்டிக்கொண்டு, ஒரிஜினல்களோடு காலை பத்து மணிக்கு முதல்வர் அறை வாசலில் இரு.